மூடிக்கும் ஒரு பெயர்

ஜூன் மாதம் பள்ளி திறந்து கொஞ்ச நாளிலேயே, ஆயாம்மா உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி நிரம்பத் தொடங்கிவிடும். மூடி இல்லாத வாட்டர் பாட்டில், பாட்டில் இல்லாத மூடி, ஒற்றை சாக்ஸ், பெல்ட், தயிர்சாதம் காய்ந்துபோன டிபன் பாக்ஸ், மழை விட்டதும் யாரோ கழற்றிப் போட்ட ரெயின்கோட். அந்தப் பெட்டியில் கிடப்பவற்றில் பெரும்பாலானவை யாரும் திருடாதவை, யாரும் வேண்டுமென்று தூக்கி எறியாதவை. அவற்றின் சொந்தக்காரக் குழந்தை அதே கட்டடத்தில், பல நேரம் அடுத்த அறையிலேயே உட்கார்ந்திருக்கிறது. யாருடையது என்று சொல்லும் எழுத்து பொருளின் மேல் இல்லை, அல்லது இருந்து அழிந்துவிட்டது. பெட்டி நிரம்புவதற்கு அது போதும்.

சீருடை என்பதே எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதற்காகத்தான். தமிழ்நாட்டில் சத்துணவு சாப்பிடும் 1 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அரசே ஆண்டுக்கு 4 செட் சீருடை கொடுக்கிறது. புத்தகப்பையும் அரசே தருகிறது. ஒரு வகுப்பில் அத்தனை பையும் ஒரே நிறம், ஒரே அளவு. தனியார் பள்ளி என்றால் பள்ளி சொல்லும் ஒரே கடையில் எல்லோரும் வாங்குகிறார்கள். பாட்டிலும் டிபன் பாக்ஸும் மட்டும் வீட்டுக்கு வீடு வேறாக இருக்கலாம் என்றால், மே மாதக் கடைசியில் ஊர் பாத்திரக்கடையில் என்ன சரக்கு வந்ததோ அதுதான் பாதி வகுப்பின் கையில் இருக்கும். ஆகவே தொலைவதில் பெரும்பகுதி உண்மையில் மாறிப்போவதுதான். ஒரு குழந்தை அடுத்தவருடைய பாட்டிலை எடுத்துக்கொண்டு வேனில் ஏறிவிடுகிறது. அடுத்த குழந்தை தேடிப் பார்த்து, மீதமிருக்கும் ஒன்றை எடுத்துக்கொள்கிறது அல்லது வெறுங்கையோடு போகிறது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. பெயர் எழுதுவதில் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. குழந்தை தன் பொருளைத் தூரத்திலிருந்தே அடையாளம் காண்பது ஒன்று. வழியில் கிடந்ததை எடுத்த பெரியவர் அதை யாரிடம் சேர்ப்பது என்று தெரிந்துகொள்வது இன்னொன்று. முதல் வேலைக்கு எழுத்தே வேண்டாம்; கண்ணில் படுகிற ஒரு நிறம், ஒரு முடிச்சு, ஒரு படம் போதும். எல்.கே.ஜி. குழந்தைக்குப் படிக்கவே தெரியாதே! இரண்டாவதற்குத் தெளிவான எழுத்து வேண்டும், ஆனால் அது வெளியே தெரிய வேண்டிய அவசியமில்லை. பல வீடுகளில் பாட்டிலின் முன்பக்கம் பெரிய எழுத்தில் பெயரை ஒட்டி இரண்டையும் ஒன்றாகச் செய்யப் பார்க்கிறார்கள். இரண்டுமே அரைகுறையாகிவிடுகின்றன.

இதை நம் ஊர் சலவைத் தொழிலாளர்கள் எப்போதோ தீர்த்துவைத்திருந்தார்கள். ஐம்பது வீட்டு வெள்ளை வேட்டியும் ஒரே துறையில் ஒன்றாக ஊறும்; மாறாமல் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அதற்காகத் துணியின் மூலையில் வீட்டுக்கு ஒரு குறி போடுவார்கள். இரண்டு புள்ளி ஒரு கோடு, ஒரு பெருக்கல் குறி, அரை வட்டம் என்று அது இருக்கும். பெயர் கிடையாது. குறி சின்னதாக இருந்ததால் வேகமாகப் போட முடிந்தது, ஒரே பார்வையில் படிக்க முடிந்தது. எப்போதும் ஒரே மூலையில் இருந்ததால் தேட வேண்டியிருக்கவில்லை. மை கடையில் வாங்கியதல்ல, சேங்கொட்டை. அந்தக் கொட்டையின் தோலுக்குள் இருக்கும் சாறு காற்றுப்பட்டதும் கறுத்துவிடும். சுண்ணாம்போடு சேர்ந்தால் துணியில் பிடித்துக்கொண்டு எத்தனை வெள்ளாவி வைத்தாலும் போகாது. துணிக்குக் குறியிடப் பயன்பட்டதால்தான் வெள்ளைக்காரர்களும் அதைக் குறியிடும் கொட்டை என்றே அழைத்தார்கள்.

ஆனால் சேங்கொட்டையை இன்று யாரும் முயன்று பார்க்க வேண்டாம். முந்திரி, மா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த மரம் அது. முந்திரிக்கொட்டைத் தோலின் பால் கையில் பட்டால் எப்படிப் புண்ணாகிறதோ அதேபோல் இதன் சாறும் தோலைக் கொப்புளிக்க வைக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் சிலருக்குக் கழுத்தில் ஒரே இடத்தில் அரிப்பும் தடிப்பும் வந்தன. துவைத்து வந்த சட்டைக் காலரில் இருந்த குறிதான் காரணம் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்கள். மையை விட்டுவிட்டு முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: சிறிய குறி, நிலையான இடம், அழியாத பிடிப்பு.

முதலில் துணியைப் பார்ப்போம். கடைகளில் கிடைக்கும் பெர்மனன்ட் மார்க்கர் எல்லாத் துணியிலும் நிற்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். பருத்தியில் மை நூலுக்குள்ளேயே இறங்குகிறது, அதனால் நிற்கிறது. பள்ளிச் சீருடைத் துணியில் பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்திருக்கும். பாலியஸ்டர் நூல் தண்ணீரையும் உறிஞ்சாது, மையையும் உறிஞ்சாது. மை அதன் மேல் ஒரு படலமாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு துவைப்பிலும் அந்தப் படலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுபோகும். அழியப்போகிறது என்பதை நிறத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். கறுப்பு முதலில் ஊதாவாகவோ பழுப்பாகவோ திரும்பும், பிறகு எழுத்தின் ஓரம் மங்கும். ஊதா தெரிந்தவுடனே மேலே மறுபடி எழுதிவிட்டால் பிழைத்தது. அரைப்பரீட்சை விடுமுறை வரை விட்டுவைத்தால் துணியில் ஒரு நிழல் மட்டும்தான் இருக்கும்.

அதனால் ஒரே சட்டையிலும் எந்த இடத்தில் எழுதுகிறோம் என்பது முக்கியம். காலருக்கு உள்ளே, கடைக்காரரின் லேபிளுக்குப் பக்கத்தில்தான் கை தானாகப் போகும். சட்டையிலேயே அதிகம் வியர்க்கும் இடம் அது. அம்மா பிரஷ் போட்டுத் தேய்க்கும் இடமும் அதுவே. அழுக்கோடு பெயரும் போய்விடும். சட்டையின் கீழ்ப்பக்கம், பட்டன் பட்டியின் உட்புறம் அந்த அளவுக்குத் தேய்வதில்லை. பேன்ட், டிரவுசருக்கு இதைவிட நல்ல இடம் இருக்கிறது: பாக்கெட்டின் உள்துணி. பேன்ட் நீலமோ சாம்பலோ எதுவாக இருந்தாலும் டெய்லர்கள் பாக்கெட்டுக்கு வெளிர்நிறத் துணியைத்தான் பெரும்பாலும் வைக்கிறார்கள். கறுப்பு எழுத்து பளிச்சென்று தெரியும், வெளியில் யார் கண்ணிலும் படாது. பாவாடை, பினஃபோர் என்றால் இடுப்புப் பட்டையின் உள்பக்கம். கீழ் மடிப்பில் மட்டும் எழுதிவிடாதீர்கள். வளர்கிற பிள்ளைக்கு அடுத்த வருடம் அந்த மடிப்பைப் பிரித்து இறக்குவோம். அப்போது பெயர் முழங்காலுக்குக் கீழே ஊருக்கே தெரியும்படி வந்து நிற்கும்.

எழுதும்போது துணிக்குப் பின்னால் ஒரு அட்டையை வைத்து, துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடித்து எழுத வேண்டும். அட்டை இல்லாவிட்டால் மை அடுத்த மடிப்புக்கும் ஊறும். அழுத்திப் பிடித்தால் எழுத்து பூத்துவிடும், அதனால் வேகமாகக் கோடு இழுங்கள். ஒரு எழுத்தாவது 1 சென்டிமீட்டர் உயரம் இருக்கட்டும். நன்றாகக் காய்ந்தபின், மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியை நீராவி இல்லாமல் வைத்து எடுங்கள். துணிக்கென்றே விற்கும் மார்க்கர்களில் பலவற்றுக்கு இந்தச் சூடு கட்டாயம் தேவை. சூடு எவ்வளவு, எத்தனை நிமிடம் என்று பேனாவின் உறையிலேயே போட்டிருக்கும். இதைச் செய்யாமல் அன்று மாலையே சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, பேனா போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. எழுதியபின் ஒரு நாளாவது துணி தண்ணீரைப் பார்க்காமல் இருக்கட்டும்.

அடர்நீலம், மெரூன் போன்ற துணிகளில் எந்த மையும் தெரியாது. அங்கே மார்க்கரை விட்டுவிட்டு நாடாவுக்குப் போய்விடலாம். தையல் சாமான் கடையில் வெள்ளைப் பருத்தி நாடா மீட்டர் கணக்கில் கிடைக்கிறது; விரல் அகலம் போதும். பருத்தி என்பதால் மை நன்றாக இறங்கும். எத்தனை துணியோ அத்தனை முறை வரிசையாகப் பெயரை எழுதி, ஒரே தடவையில் இஸ்திரி போட்டு, பிறகு 6 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டிக்கொள்ளலாம். இரண்டு முனைகளையும் அரை சென்டிமீட்டர் உள்ளே மடித்து, நான்கு பக்கமும் தைக்க வேண்டும். இரண்டு முனைகளை மட்டும் தைத்துவிட்டால் நடுவில் ஒரு வளையம் நிற்கும். சின்னக் குழந்தையின் விரல் சும்மா இருக்காது, வகுப்பு நடக்கும்போதே பிய்த்துவிடும். நூல் பருத்தி நூலாக இருப்பது நல்லது. நைலான் நூலின் வெட்டுமுனை தோலில் ஊசி போலக் குத்தும். இஸ்திரி வைத்து ஒட்டும் லேபிளும் கிடைக்கிறது. வேலை சுலபம்தான், ஆனால் பாலியஸ்டர் கலந்த துணியில் சூட்டைக் கூட்டினால் துணி பளபளத்துக் கெட்டுவிடும், குறைத்தால் பசை சரியாக இளகிப் பிடிக்காது. நான் நாடா பக்கம்.

சாக்ஸுக்குப் பெயரெல்லாம் எழுத முடியாது. ஒரு நிற நூலில் விரல்முனைக்கு அடியில் நான்கு தையல் போட்டுவிட்டால் போதும். அந்த நிறத்தை ஒரு குழந்தைக்கு ஒன்றாக வைத்துக்கொண்டால், அதே நூலை டையின் பின்புறத்திலும், கைத்துண்டின் மூலையிலும், பையின் ஜிப் வளையத்திலும் கட்டிவிடலாம். மேலே சொன்ன முதல் வேலை, குழந்தை தானே கண்டுபிடிப்பது, இந்த நூலால் நடந்துவிடும். அண்ணனுக்கு ஆரஞ்சு, தங்கைக்குப் பச்சை. வீட்டில் துணி மடிக்கும்போதும் குழப்பம் குறையும். ஷூவுக்கு நாக்கின் அடிப்பக்கத்தில் எழுதுங்கள். உள்ளே குதிகால் படும் இடத்தில் எழுதினால் ஒரு மாதம்கூட நிற்காது.

அடுத்தது ஸ்டீல். இதில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பாத்திரத்தில் பெயர் வெட்டுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். கல்யாணத்துக்குக் கொடுக்கும் குடத்திலிருந்து கிரகப்பிரவேசத்துக்குக் கொடுக்கும் டம்ளர் வரை, கொடுத்தவர் பெயரும் தேதியும் இல்லாமல் கடையை விட்டுப் போகாது. முன்பு உளியையும் சுத்தியலையும் வைத்துப் புள்ளி புள்ளியாகத் தட்டினார்கள். இப்போது பேனா அளவில் ஒரு மின்கருவி. அதன் முனை வேகமாக அதிர்ந்து எழுத்தைக் கீறுகிறது. அந்தக் கடையில் வாங்கிய பாத்திரம் என்றால் பல இடங்களில் காசு வாங்காமலே போட்டுக் கொடுப்பார்கள். டிபன் பாக்ஸுக்கும் ஸ்பூனுக்கும் இதைவிட நல்ல வழி கிடையாது. மார்க்கரில் எழுதினால் ஸ்க்ரப்பர் பட்டதும் போய்விடும். அந்த மையைக் கரைத்து வைத்திருப்பதே பெரும்பாலும் ஆல்கஹால் என்பதால் கை சானிடைசர் பட்டாலும் கரைந்துவிடும்.

ஸ்டீல் பாட்டிலில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஒற்றைச் சுவர் பாட்டில் என்றால் தாராளமாக வெட்டலாம். சூடும் குளிர்ச்சியும் தாங்கும் ஃபிளாஸ்க் வகைக்கு இரண்டு சுவர் உண்டு. நடுவில் காற்றை உறிஞ்சி எடுத்து அடைத்திருப்பார்கள். வெளிச்சுவர் மெல்லிய தகடுதான். பெரும்பாலான ஃபிளாஸ்க்குகளில் அடிப்பக்கத்தின் நடுவில் சின்ன வட்டமாக ஒரு குழிவோ மூடிய பொட்டோ தெரியும்; காற்றை வெளியேற்றி அடைத்த இடம் அது. அங்கே கருவியை வைக்கவே கூடாது. உளி, சுத்தியல் பக்கமே போக வேண்டாம். அதிர்வுக் கருவியில், லேசான கீறலாக, அடிப்பக்கத்தின் ஓரத்தையொட்டியோ கழுத்துக்குக் கீழேயோ போடச் சொல்லுங்கள். அடைப்பு கெட்டுப்போனால் கண்ணுக்குத் தெரியாது. வெந்நீர் ஊற்றிச் சற்று நேரம் கழித்து வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் வெற்றிடம் போய்விட்டது, இனி அது சாதாரண பாட்டில். வெளியே நிறப்பூச்சு இருக்கும் பாட்டிலில் கீறல் பூச்சைத் தாண்டி வெள்ளையாகத் தெரியும். அது நமக்கு வசதிதான், தூரத்திலிருந்தே படிக்கலாம். உள்ளே இருப்பது துருப்பிடிக்காத எஃகு என்பதால் பயமும் இல்லை.

பிளாஸ்டிக்தான் தொல்லை. பாட்டில் மூடிகளும் டிபன் பாக்ஸ்களும் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் வகையில் செய்யப்படுகின்றன. அந்தப் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் பசை பரவாது, தாமரை இலையில் தண்ணீர் மாதிரி திரண்டு நின்றுகொள்ளும். ஸ்டிக்கர் ஒட்டினால் முதல் நாள் நன்றாக இருக்கும், பிறகு மூலை தூக்கும், அதற்குள் சோப்புத் தண்ணீர் போகும், ஒரு வாரத்தில் வகுப்புத் தரையில் கிடக்கும். ஸ்டிக்கர்தான் வேண்டும் என்றால் தண்ணீர் ஏறாத வினைல் வகையாக, மூலைகள் வட்டமாக வெட்டியதாக வாங்குங்கள். கூர்மையான மூலைதான் முதலில் தூக்கும். ஒட்டுவதற்கு முன் அந்த இடத்தை ஸ்பிரிட்டில் துடையுங்கள். புது பாட்டிலாக இருந்தாலும் கைபட்ட எண்ணெய்ப்பசை இருக்கும். ஒட்டியபின் ஒரு நாள் தண்ணீர் படாமல் வைத்திருங்கள். காகிதத்தில் எழுதி மேலே செலோடேப் சுற்றும் பழக்கம் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கட்டும். டேப்பின் ஓரம் வழியாக ஈரம் புகுந்து, காகிதம் வெளுத்து, எழுத்து நீலக் கறையாகிவிடும்.

ஊசியைச் சூடாக்கிப் பிளாஸ்டிக்கில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். பாட்டிலில் வேண்டாம், சுவர் மெலிந்து ஒரு நாள் அந்த எழுத்து வழியாகவே பைக்குள் தண்ணீர் வடியும். மூடியின் மேல்பக்கம் தடிமனாக இருந்தால், கூர்மையான ஆணியால் சூடு இல்லாமலே கீறி, கீறலுக்குள் மார்க்கரை ஓட்டி, மேலே இருக்கும் மையைத் துடைத்துவிடலாம். பள்ளத்துக்குள் தங்கிய மை தேய்ப்புக்குத் தப்பிவிடும்.

இப்போது உட்கார்ந்து எண்ணிப் பார்க்கலாம். யு.கே.ஜி.க்குப் போகும் ஒரு குழந்தை காலையில் வீட்டை விட்டுக் கிளம்புகிறது. அம்மாவைக் கேட்டால் யூனிஃபார்ம், பை, பாட்டில், லஞ்ச் பேக் என்று நான்கு பொருள் சொல்வார். தனித்தனியாகப் பிரியக்கூடியது எது என்று கணக்கெடுத்தால் கதை வேறு. சட்டை, டிரவுசர், டை, பெல்ட், சாக்ஸ் 2, ஷூ 2, அதுவே 8. பாட்டிலில் உடல், மூடி, தோளில் மாட்டும் உறை என்று 3. லஞ்ச் பேக், அதற்குள் 2 டப்பா, அவற்றுக்கு 2 மூடி, ஒரு ஸ்பூன், ஒரு கைத்துண்டு என்று 7. புத்தகப்பை, அதன் மழை உறை, பென்சில் பாக்ஸ் 3. மொத்தம் 21. நான்கு பெயர் எழுதிய வீட்டில் மீதி 17 அநாதை.

அதே குழந்தையின் மதியச் சாப்பாட்டு நேரத்தை நினைத்துப் பாருங்கள். 30 குழந்தைகள் ஒன்றாக உட்கார்ந்து டப்பாவைத் திறக்கிறார்கள், திறந்த மூடியைப் பக்கத்தில் வைக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்த குழந்தையும் அதே டப்பா வைத்திருக்கிறது. மணி அடிக்கிறது. ஆயாம்மா ஒரு கையில் குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டே மறுகையில் கிடைத்த மூடியை எடுத்து அமுக்கி மூடுகிறார். மூடி மாறிவிட்டது, அளவு சரியாக இருப்பதால் யாருக்கும் தெரியாது. ஒரு டப்பாவின் மூடி காணவில்லை என்று வந்தால்தான் தேடலே ஆரம்பிக்கும். டப்பாவின் அடியில் பெயர் அழகாக வெட்டியிருந்து என்ன பயன், அவர் கையில் இருப்பது மூடி. பாட்டிலிலும் இதே கதை. மூடியைத் திறந்து குடிக்கும் வகை என்றால், தண்ணீர்க் குழாய் அருகே நிரப்பும்போது பிரிகிறது. ஆகவே பிரியும் இடத்தைப் பார்த்துப் பார்த்து எழுத வேண்டும்: மூடிக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, உறைக்கு ஒன்று. சுத்தம் ஒரு காரணம் என்றால் மூடி மாறுவதே பாட்டில் மாறுவதைவிட மோசம்; வாய் படுவது மூடியில்தான்.

அவசரத்தில் ஒரு கையால் படிக்கப்போகும் அந்த ஆயாம்மாவுக்காகத்தான் எழுதுகிறோம் என்பதை வைத்துக்கொண்டால், என்ன எழுதுவது என்பதும் தானாகத் தெளிவாகும். இன்ஷியலோடு பெயர் வேண்டும். ஒரே வகுப்பில் இரண்டு ஹரிணி, மூன்று கவின் இருக்கிற காலம் இது. வகுப்பையும் பிரிவையும் அழியாத மையிலோ வெட்டெழுத்திலோ போட வேண்டாம். ஏப்ரலுக்குப் பிறகு அது தப்பான விலாசம். கைப்பேசி எண் புத்தகப்பைக்கு நல்லது. வேனில், பஸ்ஸில், ரயிலில் விட்டுப்போனால் பள்ளிக்குச் சம்பந்தமில்லாத ஒருவர்தான் எடுப்பார், அவருக்குப் பெயரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அந்த எண்ணைப் பைக்கு உள்ளே, மேல் ஜிப்பைத் திறந்ததும் தெரியும் உட்சுவரில் எழுதுங்கள். எந்த மொழியில் எழுதுவது என்பது வேன் டிரைவரும் ஆயாம்மாவும் எதைப் படிப்பார்கள் என்பதைப் பொறுத்தது. வகுப்பாசிரியருக்காக மட்டும் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள், பொருளைக் கண்டெடுப்பவர் பெரும்பாலும் ஆசிரியர் இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பையின் வெளியே பெரிதாகப் பெயர் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. முன்பின் தெரியாதவர் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், சின்னக் குழந்தை அவரைத் தெரிந்தவர் என்றே எடுத்துக்கொள்ளும். பெயரும் படமும் அச்சடித்த பைகள் பிறந்தநாள் பரிசாக வருகின்றன. அழகாகத்தான் இருக்கின்றன, வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு ஜாக்கிரதையாகப் பெயரை உள்ளே மறைத்துவிட்டு, பெயர், முகவரி, ரத்த வகை, அப்பாவின் எண் எல்லாம் போட்ட அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக் கடைத்தெருவில் நடக்க வைக்கிறோம் என்பது தனிக்கதை. பள்ளி வாசலைத் தாண்டியதும் அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளப் பழக்கிவிடலாம்.

வெளியே தெரிய வேண்டியது குழந்தைக்கான குறி மட்டும். அதைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். ரயில், மீன், மாங்காய் எதுவானாலும் சரி, எல்லாப் பொருளிலும் அதே குறி, அதே நிறம். பள்ளி திறப்பதற்கு முன் வீட்டிலேயே ஒரு ஒத்திகை பாருங்கள்: அண்டை வீட்டுப் பிள்ளைகளின் பாட்டில் நான்கைந்தோடு இதையும் கலந்து வைத்து, உன்னுடையதை எடுத்து வா என்று சொல்லுங்கள். தயங்காமல் எடுத்தால் குறி போதும். யோசித்தால் குறி சின்னது, அல்லது தப்பான பக்கத்தில் இருக்கிறது. மூடியையும் தனியாகக் கலந்து வைத்துப் பாருங்கள்.

மாலையில் பையைக் காலி செய்யும்போது 21-ஐயும் எண்ண யாருக்கும் நேரமில்லை. மூடிகளை மட்டும் திருப்பிப் பாருங்கள். வேறு வீட்டுப் பெயர் வந்திருந்தால் அன்றைக்கே கண்ணில் படும். கழுவித் துடைத்து மறுநாள் காலை அனுப்பினால் இரண்டு வீட்டுப் பொருளும் அதனதன் இடத்துக்குப் போய்ச் சேரும். ஒரு வாரம் கழித்துத் தெரிந்தால், அந்த வீட்டில் இதற்குள் புது மூடியோ புது பாட்டிலோ வாங்கியிருப்பார்கள். பள்ளியும் ஒரு வேலை செய்யலாம். பெற்றோர் கூட்டத்தில் ஒரே ஒரு இடத்தைச் சொல்லிவிட்டால் போதும்: சட்டைக்குப் பட்டன் பட்டியின் கீழ் உட்புறம், மூடிக்கு மேல்புறம், பைக்கு மேல் ஜிப்பின் உள்ளே. எல்லோரும் அதே இடத்தில் எழுதினால், கண்டெடுத்தவர் துணியைப் புரட்டிப் புரட்டித் தேட வேண்டியதில்லை.

இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது. சீருடை ஒரு பிள்ளையோடு முடிவதில்லை. தம்பிக்குப் போகும், சித்தி வீட்டுக்குப் போகும், வேலை செய்யும் அக்காவின் மகளுக்குப் போகும். ஸ்டீலில் வெட்டிய எழுத்து போகவே போகாது. எனவே கீழே இன்னொரு பிள்ளை இருக்கும் வீட்டில் டிபன் பாக்ஸில் குழந்தையின் பெயரைவிட அப்பா, அம்மா பெயரின் முதலெழுத்துகளை வெட்டச் சொல்வது புத்திசாலித்தனம். துணியில் மார்க்கரால் எழுதிய பெயரை மேலே பூசி மறைக்கப் பார்க்காதீர்கள். மை மறுபக்கம் ஊறிச் சட்டையில் கறுப்புத் திட்டு விழும். நடுவே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, அதன் கீழே புதுப் பெயரை எழுதினால் ஆயாம்மாவுக்குப் புரியும். நாடாவாக இருந்தால் அந்தக் கவலையே இல்லை. பிளேடால் நான்கு பக்கத் தையலையும் பிரித்துவிட்டுப் புது நாடாவைத் தைத்தால், சட்டை அன்றைக்கே அடுத்தவருடையதாகிவிடும்.